முப்பது பேருக்குச் சீரகச் சம்பா கோழி பிரியாணி: வீட்டு அளவை அப்படியே பெருக்கலாமா?

தென்காசிச்சாரல்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகனுக்குக் காதுகுத்து. காலையில் கோயிலில் முடித்துவிட்டு ஒன்பதரைக்குள் வீடு திரும்பிவிடுவோம். மதியம் ஒரு மணிக்குப் பந்தி. உறவினர்கள் முப்பது பேர். சமையற்காரர் வேண்டாம், நானே செய்கிறேன் என்று வாய்விட்டுவிட்டேன். இப்போது வயிற்றைக் கலக்குகிறது.

வீட்டில் ஐந்து பேருக்கு நான் செய்யும் அளவு இது. சீரகச் சம்பா அரை கிலோ, என் டம்ளரில் மூன்று. கோழி அரை கிலோ. வெங்காயம் கால் கிலோ, தக்காளி நான்கு, தயிர் அரை டம்ளர், எண்ணெயும் நெய்யுமாக அரை டம்ளர். பட்டை இரண்டு, கிராம்பு நான்கு, ஏலக்காய் மூன்று, மிளகாய்த்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி. தண்ணீர் ஒன்றுக்கு இரண்டு, அதாவது ஆறு டம்ளர். பாத்திரத்திலேயே வைத்துத் தம் போடுவேன். குக்கர் கிடையாது. ஒன்றே கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இதையே ஆறால் பெருக்கிச் செய்துவிடலாமா? எத்தனை மணிக்கு அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும்?

---

கணக்குவாத்தியார்

இதில் குழம்ப என்ன இருக்கிறது? ஐந்து பேருக்கு ஒரு பங்கு என்றால் முப்பது பேருக்கு ஆறு பங்கு. அரிசி மூன்று கிலோ, கோழி மூன்று கிலோ, தண்ணீர் முப்பத்தாறு டம்ளர், பட்டை பன்னிரண்டு. விகிதம் மாறவில்லை என்றால் சுவையும் மாறாது. நேரமும் அதேதான். கொதிநிலை சிறிய பானைக்கு ஒன்று, பெரிய பானைக்கு ஒன்று என்று கிடையாது.

---

அண்டாக்காரர்

வாத்தியார் ஐயா சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிதான் பந்தி நாளில் மானத்தை வாங்கும்.

முதலில் ஒரு கேள்வி அம்மா. முப்பது பேர் என்பது வீட்டு ஆட்களைச் சேர்த்தா, சேர்க்காமலா? குழந்தைகள் எத்தனை பேர்? பந்தி முடிந்து கடைசியில் உட்காரும் வீட்டுப் பெண்களுக்குப் பாத்திரத்தில் ஒன்றும் இல்லாமல் போவதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

---

தென்காசிச்சாரல்

நல்ல வேளை கேட்டீர்கள் அண்ணா. வருகிறவர்கள் முப்பது. அதில் ஏழு பேர் சிறுவர்கள். வீட்டில் நாங்கள் ஐந்து பேர் தனி.

---

அண்டாக்காரர்

அப்படியென்றால் பெரியவர்கள் இருபத்தெட்டு. சிறுவர்கள் ஏழு பேரைப் பாதிப் பாதியாக வைத்தால் மூன்றரை. ஆக, முப்பத்தொன்றரை ஆள். பிரியாணிதான் பிரதானம், கூடத் தயிர்ப் பச்சடியும் முட்டையும் மட்டும் என்றால் தலைக்கு நூறிலிருந்து நூற்றுப்பத்து கிராம் அரிசி. மூன்றரைக் கிலோ போடுங்கள். உங்கள் வீட்டு அளவுக்கு அது ஏழு மடங்கு.

கோழியை மட்டும் மடங்கால் கணக்கிடாதீர்கள். பந்தியில் யாரும் கிராம் பார்ப்பதில்லை, இலையில் எத்தனை துண்டு என்றுதான் பார்ப்பார்கள். தலைக்கு இரண்டு துண்டு வேண்டும். கிலோவுக்குப் பதினாறு துண்டாக வெட்டச் சொன்னால் நான்கு கிலோவில் அறுபத்து நான்கு துண்டு வரும். அதற்கு மேல் சிறிதாக வெட்டாதீர்கள். பெரிய பாத்திரத்தில் கோழி வேகும் நேரம் கூடுவதால் சின்னத் துண்டு நாராகி எலும்பு தனியே வந்துவிடும்.

---

பெரியகுளத்துப்பாட்டி

மூன்றரைக் கிலோவை முப்பத்தைந்து பேருக்குப் பங்கு போட்டால் தலைக்கு நூறு கிராம்தானே வருகிறது? நூறு கிராம் சோறு என் பேரனுக்கே பற்றாது. குறைந்தது ஏழு கிலோ வேண்டும். எங்கள் காலத்தில் பத்துப் பேருக்கு ஒரு படி என்று அளந்து போடுவோம். மிச்சம் விழுந்ததே தவிர, பற்றாமல் போனதில்லை.

---

அண்டாக்காரர்

பாட்டி, நான் சொன்னது வேகாத அரிசியின் எடை. நூறு கிராம் அரிசி வெந்தால் கால் கிலோவுக்கு மேல் சோறாகும். அதற்கு மேல் கோழியும் மசாலாவும் இருக்கின்றன. ஏழு கிலோ போட்டால் தெருவையே கூப்பிட வேண்டியதுதான். படிக் கணக்கு தப்பில்லை. ஆனால் படி ஊருக்கு ஊர் மாறும். இந்தத் தங்கை தராசில் நிறுத்துக்கொள்வதுதான் நல்லது.

இனித் தண்ணீர். பெரிய அளவில் குழைவதற்கு முதல் காரணம் இதுதான். வீட்டில் அரை கிலோவுக்கு ஆறு டம்ளர் ஊற்றுகிறீர்கள். அத்தனையையும் அரிசி குடிப்பதில்லை, ஒரு பகுதி ஆவியாகப் போகிறது. ஏழு மடங்கு அரிசி ஏழு மடங்கு தண்ணீரைக் குடிக்கும், அது உண்மை. ஆவி மட்டும் ஏழு மடங்கு போகாது, ஏனென்றால் பாத்திரத்தின் வாய் ஏழு மடங்கு அகலமாவதில்லை. போகாத அந்த ஆவிதான் அடியில் நின்று சோற்றைக் களியாக்குகிறது. நான் ஒன்றுக்கு ஒன்றே முக்கால்கூட ஊற்ற மாட்டேன். உங்களுக்கு இருபத்தொரு டம்ளர் அரிசி. முப்பத்தாறு டம்ளர் தண்ணீரை எடுத்து வையுங்கள். அதில் முப்பத்து நான்கை ஊற்றிவிட்டு, இரண்டைச் சுடச்சுடப் பக்கத்தில் வைத்திருங்கள்.

---

கணக்குவாத்தியார்

ஆவி விஷயத்தில் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கைப்பழக்கத்தில் சொல்வதைக் காட்டிலும் கணக்குப் போட்டுப் பார்க்கலாமே.

வீட்டுப் பாத்திரம் 24 செ.மீ. அகலம், அதில் ஒரு டம்ளர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அரிசி குடிப்பது ஐந்து. ஏழு மடங்குக்கு முப்பத்தைந்து. 32 செ.மீ. பாத்திரம் இரண்டில் செய்தால், ஒவ்வொன்றின் வாயும் பரப்பில் வீட்டுப் பாத்திரத்தைப் போல் 1.78 மடங்கு. இரண்டுக்கும் சேர்த்துச் சுமார் மூன்றரை டம்ளர் ஆவி. மொத்தம் முப்பத்தெட்டரை. நான் முதலில் சொன்னபடி ஒன்றுக்கு இரண்டு என்று ஊற்றினால் நாற்பத்திரண்டு. மூன்றரை டம்ளர் கூடுதல். அண்டாக்காரர் சொல்லும் முப்பத்தாறோ இரண்டரை குறைவு. அது ஏன்?

---

அண்டாக்காரர்

கோழி விடும் தண்ணீரை உங்கள் கணக்கில் காணோமே ஐயா. அரை கிலோ கோழியைச் சின்னப் பாத்திரத்தில் வதக்கினால் அது விடும் நீர் அங்கேயே சுண்டிவிடும். இரண்டு கிலோ கோழி ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும்போது நீர் சுண்டாமல் குளம்போல் நிற்கும். போதாததற்கு இந்தத் தங்கை அரை கிலோ கோழியைக் கூடுதலாகப் போடப்போகிறார். தயிர், தக்காளி நீரும் அப்படித்தான் நிற்கும். குறைவாக ஊற்றினால் பிறகு சேர்க்கலாம். கூடுதலாக ஊற்றியதை யாராலும் எடுக்க முடியாது.

---

கணக்குவாத்தியார்

சரி, பரிசோதனைக்கு விட்டுவிடுகிறேன். என் முப்பத்தெட்டரையை நான் இன்னும் கைவிடவில்லை.

---

குக்கர்ராணி

இவ்வளவு வம்பு எதற்கு? ஐந்து லிட்டர் குக்கரில் ஒரு கிலோ, ஒரு கிலோவாக நான்கு தடவை வைத்து எடுத்து ஹாட் பாக்ஸில் கொட்டிவிடுவேன். ஒரு விசில், சிறு தீயில் ஐந்து நிமிடம், முடிந்தது. என் நாத்தனார் வளைகாப்புக்கு அப்படித்தான் செய்தேன்.

---

அண்டாக்காரர்

ஐந்து லிட்டர் குக்கரில் ஒரு கிலோ அரிசியும் ஒரு கிலோ கோழியும் தண்ணீரும் போட்டால் குக்கர் கழுத்து வரை நிறைந்துவிடும். அரிசி பொங்கி விசில் துளையை அடைப்பது இப்படித்தான், தாயே. முக்கால் கிலோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான்கு தடவை வைத்தால் நான்கு ருசி இருக்கும், முதல் ஈடு ஹாட் பாக்ஸிலேயே வியர்த்துப் போகும். செய்ய முடியாது என்று சொல்லவில்லை. நான் செய்ய மாட்டேன்.

---

தென்காசிச்சாரல்

பாத்திரம் பற்றியே கேட்க நினைத்தேன். பாத்திர வாடகைக் கடையில் பெரிய அண்டாவும் இரும்பு அடுப்பும் தருகிறார்கள். எடுக்கட்டுமா? வீட்டில் மூன்று பர்னர் அடுப்பு இருக்கிறது.

---

அண்டாக்காரர்

அண்டா வேண்டாம். மூன்றரைக் கிலோ அரிசி, நான்கு கிலோ கோழி, ஏழு லிட்டர் தண்ணீர், வெங்காயம், தக்காளி எல்லாம் சேர்ந்தால் பதினெட்டுக் கிலோவைத் தாண்டும். அதை வீட்டு அடுப்பின் மேல் வைத்தால் தாங்கி ஆடும். நெருப்பு நடுவில் ஒரு வட்டத்தில் மட்டும்தான் படும். நடு தீய்ந்து ஓரம் வேகாமல் நிற்கும். வாடகை அடுப்புக்கு வீட்டு சிலிண்டரின் ரெகுலேட்டர் தரும் அழுத்தம் போதாது. அதைக் கழற்றி வேறு மாட்டச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

பன்னிரண்டு லிட்டருக்குக் குறையாத, அடி கனமான பாத்திரம் இரண்டு வாங்குங்கள். இரண்டு பெரிய பர்னரிலும் ஒரே நேரத்தில் பாதிப் பாதியாகச் செய்யுங்கள். சின்ன பர்னர் தண்ணீர் காய. ஒன்றில் தவறு நடந்தாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

இப்போது நேரம். வீட்டில் வெங்காயம் பன்னிரண்டு நிமிடத்தில் பொன்னிறமாகும், இல்லையா? ஒரு பாத்திரத்துக்குத் தொள்ளாயிரம் கிராம் வெங்காயம் போட்டால், முதல் பத்து நிமிடம் அது வதங்குவதே இல்லை, தன் தண்ணீரிலேயே வேகும். அரை மணி நேரம் ஆகும். இதைத் தெரியாமல் அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் ஓரம் கருகி, நடு வெளுத்துக் கிடக்கும். பொறுமை இல்லாதவர்கள் முந்தைய இரவே வெங்காயத்தைப் பொரித்து ஆறவைத்து டப்பாவில் வைத்துக்கொள்ளலாம். நறுக்கி மட்டும் வைக்காதீர்கள், காலையில் வாடை அடிக்கும்.

அடுத்த இடம் தண்ணீர். கோழி வதங்கிய பாத்திரத்தில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் அது மறுபடி கொதிக்கவே வெகு நேரம் ஆகிவிடும். அவ்வளவு நேரமும் கோழி வெந்துகொண்டே இருக்கும். அரிசி விழுவதற்குள் பிராய்லர் கோழி பிய்ந்துவிடும். கொதிக்கிற தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். ஏழு லிட்டரைச் சின்ன பர்னர் காய்ச்ச முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது.

ஆக, 10.15-க்கு இரண்டு பர்னரிலும் எண்ணெய் காய வேண்டும். 10.30-க்குத் தண்ணீர் அடுப்பில் ஏற வேண்டும். 10.45-க்கு இஞ்சி பூண்டு, பிறகு புதினா, தக்காளி. 11.05-க்கு அரிசியைக் களைந்து ஊறப் போடுங்கள். 11.10-க்குக் கோழியும் தயிரும். 11.25-க்குக் கொதிநீர். 11.35-க்கு அரிசி. தண்ணீரும் அரிசியும் சரிசமமாக வர 11.55 ஆகிவிடும். அப்போது பாத்திரத்தின் அடியில் தோசைக்கல்லை வைத்து, மூடி, சிறு தீயில் இருபது நிமிடம் தம். அணைத்த பிறகு 12.40 வரை திறக்கவே கூடாது. பெரிய பாத்திரம் தன் சூட்டிலேயே வேகும், இருபத்தைந்து நிமிடம் பொறுத்தால் சோறு உதிரியாகும். பந்தி தாமதமானாலும் மூடியிருந்தால் ஒரு மணி நேரம் சூடு நிற்கும்.

---

கணக்குவாத்தியார்

மசாலாவை மட்டுமாவது ஏழால் பெருக்கலாமா, அதற்கும் ஒரு விலக்கு இருக்கிறதா?

---

அண்டாக்காரர்

பட்டை, கிராம்பு, ஏலக்காய் மூன்றையும் ஏழு மடங்கு போட்டால் கஷாயம் குடிப்பது போலிருக்கும். பட்டை ஒன்பது, கிராம்பு பதினெட்டு, ஏலக்காய் பதினான்கு போதும். மிளகாய்த்தூள் பத்தரைக்குப் பதில் எட்டுத் தேக்கரண்டி. எண்ணெயும் நெய்யுமாகச் சேர்த்து அறுநூறு மில்லியைத் தாண்ட வேண்டாம். சின்னப் பாத்திரத்தில் எண்ணெய் அடியை மூட வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் கூடவே ஊற்றியிருப்பீர்கள்.

---

கணக்குவாத்தியார்

இதை நான் ஏற்கமாட்டேன். ஒரு கிலோ சோற்றுக்கு இத்தனை கிராம் காரம் என்பது பானையைப் பார்த்து மாறாது. என் சந்தேகமெல்லாம் கரண்டியின் மேல்தான். ஒன்றரைத் தேக்கரண்டி என்று இவர் சொல்வது தட்டையான கரண்டியா, குவித்ததா? ஒரு தடவை குவித்துப் போட்டால் தெரியாது. ஏழு தடவை குவித்தால் மூன்று கரண்டி கூடிவிடும். சமையற்காரர்கள் மசாலாவைக் குறைத்துப் போடச் சொல்வது இந்தப் பிழையை மறைக்கத்தான் என்று நினைக்கிறேன். அம்மணி, ஒரு நாள் உங்கள் கைப்படி போடும் தூளையும் உப்பையும் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். அந்தக் கிராமை ஏழால் பெருக்குங்கள்.

---

அண்டாக்காரர்

நிறுத்துப் பார்க்கச் சொன்னது நல்ல யோசனை. தூளுக்கும் உப்புக்கும் அது பொருந்தும். கிராம்புக்குப் பொருந்தாது என்பது என் நாக்கு சொல்வது. அது கிடக்கட்டும்.

உப்பை மட்டும் ஒரே தடவையில் போடாதீர்கள் அம்மா. கணக்கில் வருவதில் ஐந்தில் நான்கு பங்கு போட்டுவிட்டு, கொதிநீர் ஊற்றிக் கொதித்ததும் அந்தச் சாற்றை வாயில் விட்டுப் பாருங்கள். குடிக்கக் கொஞ்சம் கரிக்க வேண்டும். சரியாக இருக்கிறதே என்று தோன்றினால் சோறு சப்பென்று இருக்கும். அரிசி போட்ட பிறகு உப்பைச் சரிசெய்யப் பார்த்தால், கிளறிக் கிளறி அரிசி உடையும்.

---

டொராண்டோக்குளிர்

எனக்கும் சென்ற கோடையில் முப்பது பேர் வந்தார்கள். இங்கே கண்ணாடி மேற்பரப்புள்ள மின் அடுப்பு. பாத்திரம் வளையத்தை விட அகலமாக இருந்ததால் ஓரத்தில் கொதியே வரவில்லை. அரிசி பாதி வெந்ததும் இரண்டு பெரிய அலுமினியத் தட்டுகளுக்கு மாற்றி, அலுமினியத் தாளால் இறுக்கி மூடி, ஓவனில் 160 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் வைத்தேன். எல்லாப் பக்கமும் ஒரே சூடு. அடிப்பிடிக்கவே இல்லை. தென்காசியில் யாருக்கும் இது பயன்படாது, தெரியும். வேறு குளிர் நாட்டில் இருப்பவர்கள் படித்தால் ஆகட்டும் என்று எழுதினேன்.

---

பெரியகுளத்துப்பாட்டி

முதல் நாள் ராத்திரியே செய்துவைத்துவிட்டுக் காலையில் சூடு காட்டினால் இந்த ஓட்டமெல்லாம் இருக்காதே?

---

அண்டாக்காரர்

வேண்டாம் பாட்டி. பெரிய பாத்திரத்துச் சோறும் கறியும் நடுவில் ஆறவே ஆறாது, ராத்திரி முழுக்க வெதுவெதுப்பாகவே கிடக்கும். கெடுவதற்கு அதைவிடத் தோதான சூடு கிடையாது. கோயிலுக்கு வந்த பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியிருக்கும். முதல் நாள் பூண்டு உரிப்பது, இஞ்சி பூண்டு அரைப்பது, வெங்காயம் பொரிப்பது, இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளலாம். கோழியைக்கூடக் காலையில்தான் வாங்குவேன். நான்கு கிலோ கோழிக்கு யார் வீட்டு ஃபிரிட்ஜில் இடம் இருக்கிறது?

---

தென்காசிச்சாரல்

முடிந்துவிட்டது. நேற்றைக்கே எழுதியிருக்க வேண்டும், கால்வலி.

அண்ணா சொன்னபடி இரண்டு பாத்திரம். வாத்தியார் ஐயா சொன்னபடி மிளகாய்த்தூளை நிறுத்தேன். என் ஒன்றரைக் கரண்டி உண்மையில் இரண்டுக்கு மேல் இருந்தது! வெங்காயத்தை முந்தைய இரவே பொரித்துவிட்டதால் காலையில் இருபது நிமிடம் மிச்சம். கோயிலிலிருந்து பத்து மணிக்குத்தான் வந்தோம் என்பதால் அது சரியாகப் போயிற்று. 12.50-க்கு மூடியைத் திறந்தேன்.

இடது பாத்திரம் முல்லைப்பூப் போல் உதிர்ந்தது. வலது பாத்திரம் கீழ்ப்பாதி குழைந்துவிட்டது. இரண்டுக்கும் தண்ணீர் ஒரே அளவு, பதினேழு டம்ளர். பக்கத்தில் வைத்திருந்த இரண்டு டம்ளரைத் தொடவே இல்லை. பிறகு விசாரித்ததில் தெரிந்தது: இடதுக்கு அரிசியை நான் கூடையில் வடித்துப் போட்டேன். வலதுக்குச் சித்தி ஊறிய அரிசியைத் தண்ணீரோடு அப்படியே சரித்திருக்கிறார். குழைந்ததை இரண்டாம் பந்திக்கு வைத்து, மேலே பொரித்த வெங்காயத்தைத் தூவிவிட்டேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒரு மாமா மட்டும் இதுதான் நன்றாக இருக்கிறது என்று மறுசோறு வாங்கினார்.

துண்டு சரியாக வந்தது. சோறு நான்கு பேருக்கு மிச்சம். தயிர்ப் பச்சடிதான் பற்றவில்லை, ஒன்றரை லிட்டர் தயிர் முதல் பந்தியோடு காலி.

---

அண்டாக்காரர்

ஊறிய அரிசியை வடிக்கச் சொல்ல மறந்தது என் தவறு. அந்தத் தண்ணீரில் இரண்டு டம்ளருக்குக் குறையாமல் உள்ளே போயிருக்கும். பச்சடிக்கு அடுத்த முறை இரண்டரை லிட்டர் தயிர் வையுங்கள். வெயில் நாளில் ஆட்கள் அதைக் குடிக்கவே செய்வார்கள்.

---

கணக்குவாத்தியார்

வடித்த பாத்திரத்துக்குப் பதினேழு டம்ளர் போதுமானதாக இருந்தது என்றால் மொத்தம் முப்பத்து நான்கு. அண்டாக்காரரின் முப்பத்தாறே கூடுதல். ஊறும்போது அரிசி குடித்த தண்ணீரை நாம் இருவருமே கணக்கில் எடுக்கவில்லை. வீட்டில் அரை கிலோ செய்யும்போது ஊற வைப்பீர்களா அம்மணி? முதல் பதிவில் அது இல்லையே.

---

தென்காசிச்சாரல்

இல்லை ஐயா. வீட்டில் களைந்ததும் போட்டுவிடுவேன்.